உயிர்விட்ட இயர்பட்ஸ், உப்பிய கேஸ்: என்ன செய்வது, எங்கே கொடுப்பது

ஒரு ஜோடி வயர்லெஸ் இயர்பட்ஸில் மூன்று பேட்டரிகள் இருக்கின்றன. இடது இயர்பட்டில் ஒன்று, வலதில் ஒன்று, சார்ஜிங் கேஸில் ஒன்று. "இயர்பட்ஸ் போயிடுச்சு" என்று சொல்கிறவர்கள் இந்த மூன்றில் எது போனது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. அடுத்து செய்ய வேண்டியது முழுக்க அதைப் பொறுத்தே இருக்கிறது. இயர்பட்டுக்குள் இருக்கும் செல் வலுவிழந்து நின்றுவிட்டால் அவசரம் எதுவுமில்லை, வசதிப்பட்ட நாளில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கேஸ் உப்பியிருந்தால் அன்றே கவனிக்க வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன

பல இயர்பட்டுகளில் பட்டன் வடிவ லித்தியம்-அயன் செல் இருக்கும். சுமார் 12 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன், 50 முதல் 60 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு. தண்டு நீண்ட மாடல்களில் இதற்குப் பதிலாகக் குச்சி வடிவ செல் இருக்கலாம், அதன் கொள்ளளவு இன்னும் குறைவு. பட்டன் செல்லின் உறை எஃகு. உள்ளே சிறிது வாயு உருவானாலும் வெளியே தெரியும் அளவுக்கு அது பெருக்காது.

கேஸில் இருப்பது வேறு வகை. அங்கே 300 முதல் 800 மில்லி ஆம்பியர்-மணி வரையிலான பவுச் செல் இருக்கும். அலுமினியப் படலமும் பிளாஸ்டிக் படலமும் சேர்த்து ஒட்டிய மெல்லிய பைதான் அதன் உறை. வாயு உருவானால் பை வீங்கி, கேஸின் பிளாஸ்டிக் ஓட்டைத் தள்ளும். அதனால்தான் உப்பல் என்ற பிரச்சினை பெரும்பாலும் கேஸில் தெரிகிறது.

அந்த வாயு எங்கிருந்து வருகிறது? செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் வெப்பம், அதிக சார்ஜ், வயது, அடிபட்ட காயம் ஆகியவற்றால் சிதைகிறது. அப்போது கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், எத்திலீன் போன்றவை உண்டாகின்றன. இவற்றில் பல எரியக்கூடியவை. உப்பிய செல்லில் ஊசி குத்தி "காற்றை இறக்கிவிட்டால்" சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்தானது. துளை போடும் ஊசி உள்ளே இருக்கும் அடுக்குகளையும் சேர்த்துத் துளைக்கும். நேர்முனையும் எதிர்முனையும் அங்கேயே ஷார்ட் ஆகும், தப்பிக்கும் வாயு பற்றிக்கொள்ளும்.

பேட்டரியை மாற்ற முடியாததற்குக் காரணம் கட்டுமானமே. இயர்பட்டின் ஓடுகளைப் பசையாலோ அல்ட்ராசோனிக் வெல்டிங்காலோ ஒட்டிவிடுகிறார்கள், திருகு கிடையாது. செல்லின் முனைகளில் மெல்லிய தகடுகளை வெல்ட் செய்திருப்பார்கள். ஓட்டுக்கும் செல்லுக்கும் நடுவே பிளேடு நுழைய இடமே இருக்காது. நெம்பித் திறக்கும்போது கத்திமுனை செல்லில்தான் போய் நிற்கும். மாற்று செல் கிடைக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், உடைத்துத் திறந்த ஓடு வியர்வையைத் தடுக்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் எந்த இடத்திலும் எதையும் பிரிக்கச் சொல்லப்போவதில்லை.

முதல் படி: சார்ஜில் போடுவதற்கு முன் உப்பல் இருக்கிறதா என்று பாருங்கள்

வழக்கமாக நாம் செய்வது, வேலை செய்யாத பொருளை முதலில் சார்ஜில் போட்டுப் பார்ப்பது. இங்கே அந்த வரிசையை மாற்ற வேண்டும். கேஸ் நன்றாக இருக்கிறது என்று தெரியும் வரை கேபிளைத் தொடாதீர்கள். வயர்லெஸ் சார்ஜர் மேலும் வைக்காதீர்கள்.

கேஸை ஒரு கண்ணாடி மேசை போன்ற மட்டமான பரப்பில் வையுங்கள். ஒரு மூலையை விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே ஆடுகிறதா என்று பாருங்கள். முன்பு மட்டமாக நின்ற அடிப்பாகம் இப்போது ஆடினால் அது உப்பலின் அடையாளம். அடுத்து, ஓட்டின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டைச் சுற்றிலும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் முடி நுழையாத அளவு ஒட்டியும், இன்னொரு பக்கம் வாய் பிளந்தும் இருக்கும். இயர்பட்டுகளைக் குழிக்குள் வைத்தால் பழையபடி உள்ளே இறங்காமல் மேலே தூக்கி நிற்கும், காந்தம் இழுக்காது. மூடி மூடிக்கொள்ளாமல் ஒரு கோடு அளவுக்குத் திறந்தே இருக்கும்.

கீழே விழுந்து கீல் உடைந்த கேஸிலும் மூடி சரியாக மூடாது. ஆனால் அங்கே கோளாறு மூடியோடு நின்றுவிடும். அடிப்பாகத்தின் இணைப்புக் கோடு திறக்காது, மேசையில் ஆடாது. உடலின் கோடே பிரிந்திருந்தால் உப்பல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசனையும் உதவும். நகப்பூச்சு நீக்கியைப் போன்ற, சற்றே இனிப்பான நெடி வந்தால் பவுச் எங்கோ கசிகிறது. மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து உறுதிப்படுத்த வேண்டாம். லேசாக வந்தாலே போதும், அதை உப்பலைவிட மோசமான நிலையாகக் கருதுங்கள்.

இரண்டாம் படி: உப்பியிருந்தால்

சார்ஜில் இருக்கும்போது உப்பலைக் கவனித்தீர்கள் என்றால், கேஸைக் கையில் எடுப்பதற்கு முன் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். பிறகு கேபிளைக் கழற்றுங்கள். கேஸ் சூடாக இருந்தால் தொடாமல் அப்படியே விட்டு, பக்கத்தில் இருக்கும் துணி, காகிதம், மெத்தை போன்றவற்றை நகர்த்துங்கள்.

குளிர்ந்திருந்தால், இயர்பட்டுகள் தானாக வெளியே வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் எடுத்துவிடுங்கள். கேஸில் மிச்சமிருக்கும் சார்ஜ் இயர்பட்டுகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும், அதை நிறுத்துவது நல்லது. இயர்பட் சிக்கிக்கொண்டிருந்தால் நெம்பாதீர்கள். அதை இழுக்கும் விசை நேராகப் பவுச்சின் மேல் விழும். மூடியையும் அழுத்தி மூடாதீர்கள், ரப்பர் பேண்டு போட்டு இறுக்காதீர்கள். உப்பிய பை எவ்வளவு பிரிந்திருக்கிறதோ அந்த இடத்தை அப்படியே விட வேண்டும்.

இப்போது அதை வைக்க ஒரு பாத்திரம் வேண்டும். சுமார் 2 லிட்டர் கொள்ளும் எஃகுப் பாத்திரமோ பீங்கான் ஜாடியோ மண் சட்டியோ போதும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு உலர்ந்த மணல் போடுங்கள். கடல் மணல் கூடாது, அதிலிருக்கும் உப்பு ஈரத்தை இழுக்கும், உலோக முனைகளை அரிக்கும். மணல் ஈரமாக இருந்தால் வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகே போடுங்கள். கேஸை நடுவில் கிடத்தி, மேலே இரண்டு விரல் கனத்துக்கு மணலைத் தூவுங்கள். தட்டி இறுக்க வேண்டாம்.

பாத்திரத்தின் மேல் மூடியைச் சும்மா வைத்தால் போதும், இறுக்கி மூடவே கூடாது. இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். செல் வாயுவை வெளியேற்றினால் காற்றுப் புகாத பாத்திரத்தில் அழுத்தம் ஏறும், வாயு தீப்பிடித்தால் பாத்திரமே வெடிக்கும்.

இதை வெயிலும் மழையும் படாத, வீட்டுக்கு வெளியே உள்ள இடத்தில் வையுங்கள். சிமெண்ட் தரை நல்லது. சுற்றி ஒரு மீட்டருக்கு எரியும் பொருள் எதுவும் வேண்டாம். நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் வேகமாக ஏறும் என்பதால் அங்கே வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலும் வேண்டாம், வெளியே எடுக்கும்போது அதன் மேல் நீர் படியும்.

இணையத்தில் அடிக்கடி சொல்லப்படும் உப்புநீர் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்டரியை உப்புநீரில் ஊறப்போட்டால் சார்ஜ் இறங்கிவிடும் என்பார்கள். நடப்பது வேறு. வெளியே தெரியும் உலோக முனைகள் முதலில் அரித்துப்போகும், அத்தோடு மின்னோட்டமும் நின்றுவிடும். உள்ளே பாதி சார்ஜ் அப்படியே இருக்க, வெளியே எல்லாம் முடிந்ததுபோலத் தோன்றும். அதற்குள் நீரில் ஹைட்ரஜனும் உண்டாகும். கேஸில் இருக்கும் செல் ஓட்டுக்குள் இருப்பதால் சார்ஜ் இறங்கியதா என்று பார்க்கவும் வழியில்லை. உப்பிய கேஸின் சார்ஜைக் குறைக்க வீட்டில் நம்பகமான வழி எதுவுமில்லை. அதை அப்படியே ஒப்படைப்பதுதான் வழி.

புகை வந்தால், சீறும் சத்தம் கேட்டால், அறையை விட்டு வெளியேறுங்கள். மற்றவர்களையும் வெளியே கூட்டிவாருங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், அது நுரையீரலைப் புண்ணாக்கும். தீயணைப்புத் துறையை அழையுங்கள். தீ சின்னதாக இருந்து, வெளியேறும் வழி உங்கள் முதுகுப்புறம் இருந்தால் மட்டும், நிறையத் தண்ணீர் ஊற்றலாம். "லித்தியம் மேல தண்ணி படக் கூடாது" என்பது உலோக லித்தியத்துக்கான எச்சரிக்கை. இந்த செல்களில் லித்தியம் பெரும்பாலும் சேர்மமாகவே இருக்கிறது. தண்ணீர் செல்லைக் குளிரவைக்கும், பக்கத்துப் பொருட்களுக்குத் தீ பரவாமல் தடுக்கும். அணைந்த செல் மறுபடி பற்றக்கூடும் என்பதால் ஒரு நாள் முழுக்க வெளியிலேயே விடுங்கள்.

கசிந்த திரவம் தோலில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் அலசிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

மூன்றாம் படி: உப்பவில்லை என்றால், எது போனது என்று பாருங்கள்

செத்துப்போனதாகத் தூக்கிப்போடும் இயர்பட்டுகளில் சில உண்மையில் சாகவில்லை, சார்ஜ் ஏறவில்லை அவ்வளவுதான். இயர்பட்டின் அடியில் இருக்கும் உலோகப் புள்ளிகளிலும் கேஸின் குழிக்குள் இருக்கும் சிறு ஊசிகளிலும் காது அழுக்கும் வியர்வை உப்பும் படிந்து தொடர்பை மறைத்துவிடும். மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நுனி மட்டும் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பத்து நிமிடம் காயட்டும். பிறகு இயர்பட்டுகளைக் கேஸில் வைத்து, பக்கத்தில் நீங்கள் இருக்கும்போதே அரை மணி நேரம் சார்ஜ் செய்து பாருங்கள்.

இரண்டு இயர்பட்டும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறாவிட்டால் சந்தேகம் கேஸின் மேல் விழ வேண்டும். ஒன்று மட்டும் ஏறாவிட்டால், அந்தக் குழியின் ஊசிகளைத் துடைத்த பிறகும் அப்படியே இருந்தால், அந்த இயர்பட்டின் செல்லே போயிருக்க வாய்ப்பு அதிகம். முழுதாக ஏறியும் பத்து இருபது நிமிடத்தில் அணைந்தால் அது தேய்ந்துபோன செல். பல உற்பத்தியாளர்கள் ஒற்றை இயர்பட்டையோ கேஸை மட்டுமோ தனியாக விற்கிறார்கள். எது போனது என்று தெரிந்துகொள்வதன் முதல் பயன் அதுதான்: மூன்றில் இரண்டை வைத்துக்கொள்ளலாம்.

ஓராண்டு, இரண்டாண்டு இழுப்பறையில் சார்ஜ் இல்லாமல் கிடந்த ஜோடியை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். செல்லின் மின்னழுத்தம் மிகவும் கீழே இறங்கி, ஏறக்குறைய தீர்ந்த நிலையிலேயே நெடுநாள் கிடந்தால், எதிர்முனையில் இருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் உண்டாக்கும். பாதுகாப்புச் சர்க்யூட் சார்ஜை மறுக்கிறது என்றால் பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள்.

நான்காம் படி: ஒப்படைக்கத் தயார் செய்வது

முதலில் கணக்கு. இயர்பட்ஸ் உங்கள் மொபைல் கணக்கோடும் தொலைந்ததைத் தேடும் சேவையோடும் இணைந்திருக்கும். பவர் இருக்கும்போதே அதிலிருந்து நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். முழுதாகச் செத்துவிட்டால் ரீசெட் முடியாது, கணக்கிலிருந்து நீக்குவது மட்டும் போதும். உள்ளே உங்கள் பாட்டோ பேச்சோ சேமித்திருக்காது.

அடுத்து சார்ஜை இறக்குவது. இது உப்பாத, இன்னும் ஓடுகிற இயர்பட்டுகளுக்கு மட்டும். கேஸிலிருந்து வெளியே எடுத்து, தானாக அணையும் வரை பாட்டு ஓடவிடுங்கள், திரும்பக் கேஸில் வைக்காதீர்கள். சார்ஜ் குறைந்த செல் ஷார்ட் ஆனாலும் வெளிவரும் வெப்பம் குறைவு.

பிறகு டேப். கேஸின் சார்ஜிங் துளை மேலும், குழிக்குள் இருக்கும் ஊசிகள் மேலும், இயர்பட்டின் உலோகப் புள்ளிகள் மேலும் எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் பிவிசி இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டுங்கள். இயர்பட்டுகளைக் கேஸுக்குள் போடாமல் தனித்தனி சிறு பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். உப்பிய கேஸுக்கு டேப் ஒட்டுவதானால் தொடும் அளவே போதும், அழுத்த வேண்டாம். சிலிக்கான் டிப்களைக் கழற்றி எடுத்துவிடுங்கள், காது அழுக்கோடு யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: எங்கே கொடுப்பது

வீட்டுக் குப்பையில் போடக் கூடாது என்பதற்குக் காரணம் லாரி. குப்பை லாரிக்குள் இருக்கும் அழுத்தும் தகடு பவுச் செல்லை நசுக்கும். காகிதமும் பிளாஸ்டிக்கும் சூழ்ந்த இடத்தில் அது பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் மறுசுழற்சித் தொட்டியில் போட்டாலும் கதை அதேதான், தீ பிரிப்பு நிலையத்தில் பிடிக்கும். பல நாடுகளில் விற்கும் கேஸ்களில் குறுக்கே கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்கும், அது இதைத்தான் சொல்கிறது.

கடைகளில் இருக்கும் பேட்டரி சேகரிப்புப் பெட்டி பெரும்பாலும் தனியாகக் கழற்றிய பேட்டரிகளுக்கானது. இயர்பட்ஸ் அப்படியல்ல, பேட்டரி உள்ளேயே பதிந்த கருவி. அதற்கான இடம் மின்கழிவு சேகரிப்பு மையம், அல்லது உற்பத்தியாளரின் திரும்பப் பெறும் திட்டம். போவதற்கு முன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "பேட்டரி உள்ளேயே இருக்கிற இயர்பட்ஸ் எடுத்துக்குவீங்களா?", "கேஸ் உப்பியிருக்கு, அதையும் எடுத்துக்குவீங்களா?" இரண்டாவது கேள்விக்கு இல்லை என்றால் வேறு மையத்தைத் தேடுங்கள், சொல்லாமல் பெட்டியில் போட்டுவிட்டு வராதீர்கள். சேதமடைந்த செல்களை மையங்கள் தனியாக, மணல் போன்ற எரியாத பொருள் நிரப்பிய பீப்பாயில் வைக்கும். மற்றவற்றோடு கலந்தால் ஒன்று பற்றி எல்லாவற்றையும் எரிக்கும்.

உப்பியதைக் கூரியரில் அனுப்பக் கூடாது. சேதமடைந்த லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றுவதற்குச் சர்வதேச விதிகள் தடை விதிக்கின்றன. நேரில் கொண்டுபோகும்போது மணல் பாத்திரத்தோடே கொண்டுபோங்கள், கவிழாதபடி வண்டியின் பின்பகுதியில் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மையத்துக்குப் போன பிறகு என்ன ஆகும்? இவ்வளவு சின்னப் பொருளைக் கையால் பிரிப்பது லாபமில்லை. பெரும்பாலும் துண்டாக்கும் இயந்திரத்துக்கோ உலைக்கோதான் போகும். உலையில் கோபால்ட், செம்பு, நிக்கல், சர்க்யூட் போர்டில் இருக்கும் துளி தங்கம் ஆகியவை மீளும். அலுமினியமும் லித்தியமும் கசடோடு போய்விடும், பிளாஸ்டிக் எரிந்துவிடும். 500 மில்லி ஆம்பியர்-மணி கேஸ் செல்லில் லித்தியம் ஏறக்குறைய 0.15 கிராம்தான். ஆகவே இயர்பட்ஸ் மறுசுழற்சியில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கோபால்ட்டும் செம்பும். முழுப் பொருளும் புதிதாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு ஜோடியை வைத்துப் பார்ப்போம்

மூன்று வருடம் ஓடிய ஒரு ஜோடி. இடது இயர்பட் இருபது நிமிடத்தில் அணைகிறது, வலது எழுந்திருக்கவே இல்லை. கேஸ் 500 மில்லி ஆம்பியர்-மணி. மேசையில் வைத்தால் லேசாக ஆடுகிறது, சார்ஜிங் துளைக்கு எதிர்ப்பக்கம் இணைப்புக் கோடு ஒரு மி.மீ. திறந்திருக்கிறது. வாசனை இல்லை, சூடு இல்லை.

கேஸ் உப்பியிருக்கிறது, ஆகவே சார்ஜ் சோதனை கிடையாது. இரண்டு இயர்பட்டும் தானாக வெளியே வருகின்றன. இடதை அணையும் வரை ஓடவிட்டு, கணக்கிலிருந்து ஜோடியை நீக்கி, இரண்டுக்கும் டேப் ஒட்டி உறையில் போடலாம். கேஸ் மணல் பாத்திரத்துக்குப் போகிறது. அதில் முழு சார்ஜ் இருந்தால்கூட ஆற்றல் 1.85 வாட்-மணிதான், ஒரு மொபைல் பேட்டரியில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் ஒரு மெத்தையைப் பற்றவைக்க அது தாராளமாகப் போதும், அதனால்தான் மணலும் ஒரு மீட்டர் இடைவெளியும். மறுநாள் மையத்துக்குப் போன் செய்து, உப்பியதை ஏற்பார்கள் என்று உறுதிசெய்து, இயர்பட்டுகளையும் கேஸையும் இரண்டு தனித்தனிப் பொருளாகக் கையில் கொடுக்க வேண்டும்.

மணலை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம். கேஸை எடுத்த பிறகு மணல் உலர்ந்து, நெடி இல்லாமல் இருந்தால் வழக்கமாகப் பயன்படுத்தலாம். ஈரத் திட்டோ அந்த இனிப்பு நெடியோ இருந்தால் எலக்ட்ரோலைட் கசிந்திருக்கிறது. அந்த மணலைக் கையுறை போட்டு அள்ளி, உறையிலிட்டு, கேஸோடு சேர்த்து அதே மையத்தில் கொடுத்துவிடுங்கள்.